வெளிநாட்டுப் பயணச் செலவுக்கு எந்த மாற்று விகிதம், எந்த ரசீது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ரூபாயில் செலவழித்தேன், கிளெய்ம் படிவத்தில் தென்னாப்பிரிக்க ராண்டில் எழுதச் சொல்கிறார்கள். எந்த விகிதத்தில் மாற்றுவது?

அந்தச் செலவுக்காக உங்கள் பணப்பையிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ உண்மையில் எத்தனை ராண்ட் வெளியே போனதோ, அதைக் காட்டும் விகிதத்தில்தான். அட்டையில் கட்டியிருந்தால் வங்கி ஸ்டேட்மெண்டில் உள்ள ராண்ட் தொகையே விடை. அங்கே நீங்கள் எதையும் பெருக்கவோ வகுக்கவோ தேவையில்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அந்த ரொக்கத்தை நீங்கள் வாங்கியபோது கிடைத்த நாணய மாற்று ரசீதின் விகிதம். இரண்டுமே கையில் இல்லை என்றால் மட்டும், செலவு செய்த நாளுக்கு வெளியிடப்பட்ட விகிதம். படிவம் நிரப்பும் நாளின் விகிதம் இந்த வரிசையில் எங்குமே வராது. ஆனால் திரும்பி வரும் படிவங்களில் பாதிக்கு மேல் அந்த நாளின் விகிதத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

டர்பனில் துணி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்து இதை எழுதுகிறேன். எங்கள் கொள்முதல் ஆட்கள் ஆண்டில் பலமுறை துபாய் வழியாகச் சென்னைக்கும், அங்கிருந்து திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களுக்கும் போய் வருகிறார்கள். உங்கள் நிறுவனத்தின் பயண விதிகளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுவே செல்லும் என்பதால் அதை முதலில் படித்துவிடுங்கள். எழுதாமல் விட்டிருக்கும் இடங்களில் மேலே சொன்ன வரிசையைத்தான் பெரும்பாலான கணக்கர்கள் பின்பற்றுவார்கள்.

கூகுளில் அன்றைய விகிதம் தெரிகிறதே, அதைப் போட்டால் ஆகாதா?

ஆகாது, ஏற்றுக்கொண்டாலும் நட்டம் உங்களுக்குத்தான். தேடுபொறியும் நாணயச் செயலிகளும் காட்டுவது, வங்கிகள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள ஓர் எண். அந்த விலையில் உங்களுக்கோ எனக்கோ யாரும் ரூபாய் தரமாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். இங்கும் கீழேயும் வரும் விகிதங்கள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தவை. இன்றைய சந்தை விலையாகக் கொள்ள வேண்டாம். திருப்பூர் விடுதியில் நான்கு இரவுகளுக்கு வரியுடன் 18,480 ரூபாய். அன்றைய நடு விகிதம் ஒரு ரூபாய்க்கு 0.2181 ராண்ட் என்றால், செயலிக் கணக்குப்படி 4,030.49 ராண்ட். ஆனால் அட்டை நிறுவனம் 0.22 என்ற விகிதத்தில் 4,065.60 ராண்ட் பிடித்தது. அதன்மேல் உங்கள் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமாக 2.5 விழுக்காடு, அதாவது 101.64 ராண்ட், பிடித்தது. ஆக மொத்தம் 4,167.24 ராண்ட். செயலியின் எண்ணைப் போட்டிருந்தால் 136.75 ராண்டை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து நிறுவனத்துக்குக் கொடுத்ததாக ஆகும்.

எல்லாருக்கும் மாத சராசரி விகிதம் ஒன்றையே போடுகிறோம் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. கணக்கியல் தரமான ஐ.ஏ.எஸ். 21 இதற்கு ஓரளவு இடம் தருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் விகிதம் பெரிதாக ஏறி இறங்கியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ராண்ட் ஒரே வாரத்தில் எவ்வளவு ஆடக்கூடியது என்பதைத் தென்னாப்பிரிக்காவில் சம்பளம் வாங்கும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதோடு, அந்தச் சலுகை புத்தகத்தில் பதிவதற்கானது. ஊழியருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அதைக் காட்டுவது பொருத்தமில்லை என்பது என் கருத்து.

அட்டை ஸ்டேட்மெண்டில் ஒரே விடுதிக்கு இரண்டு மூன்று வரிகள் இருக்கின்றன. எதை எடுப்பது?

விடுதிக்குள் நுழையும்போது அட்டையைத் தேய்த்தார்கள் அல்லவா, அது கட்டணம் அன்று. பிணையாகப் பிடித்து வைத்த தொகை. வங்கிச் செயலியில் அது நிலுவை என்ற நிலையில் தெரியும், சில நாளில் தானாக மறைந்துவிடும். வெளியேறும் நாளில் எடுத்த தொகைதான் செலவு. செயலியின் திரையைப் படம் எடுத்து இணைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: நிலுவைத் தொகையும் உண்மைத் தொகையும் ஒரே படத்தில் இருக்க, இரண்டையும் கூட்டி எழுதிவிடுகிறார்கள். ஆகவே மாதம் முடிந்து பி.டி.எஃப். ஆக வரும் ஸ்டேட்மெண்டையே இணையுங்கள். அதில் இறுதியான தொகைகள் மட்டுமே இருக்கும்.

இன்னொரு குழப்பம் தேதியில் வருகிறது. 14ஆம் தேதி விடுதியை விட்டு வெளியேறினீர்கள், பில்லிலும் 14 என்றே இருக்கிறது. ஸ்டேட்மெண்டிலோ 16 அல்லது 17 என்று இருக்கும். வங்கிக்குக் கணக்கு வந்து சேர்ந்த நாள் அது. ராண்டாக மாற்றியதும் பெரும்பாலும் அந்த நாளின் விகிதத்தில்தான் நடந்திருக்கும். படிவத்தில் செலவுத் தேதியாக 14 என்றே எழுதுங்கள், தொகையாக ஸ்டேட்மெண்ட் தொகையை எழுதுங்கள். இரண்டு நாள் வேறுபாடு எங்களுக்குப் பழகியதுதான். ஊழியர்கள் சிலர் 14ஆம் தேதியின் விகிதத்தைத் தேடிப் பிடித்துத் தாங்களே பெருக்கிப் புதுத் தொகை ஒன்றை உண்டாக்கிவிடுகிறார்கள். அந்தத் தொகை எந்த ஆவணத்திலும் இல்லாததால் படிவம் திரும்பி வந்துவிடும்.

வங்கிக் கட்டணம் சில வங்கிகளில் தனி வரியாக வரும், சிலவற்றில் தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கும். தனி வரியாக இருந்தால் அதையும் தனியாகக் கோருங்கள். பயணத்துக்காக ஏற்பட்ட செலவுதான் அது. ஆனால் அட்டையின் ஆண்டுக் கட்டணம், கடன் அட்டைப் பாக்கிக்கு வட்டி ஆகியவை உங்களுடையவை. ஸ்டேட்மெண்டில் உங்கள் வீட்டுச் செலவுகளும் இருக்குமே என்று தயங்க வேண்டாம். உங்கள் பெயர், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், கோரும் வரிகள் ஆகியவை தெரிந்தால் போதும், மற்ற வரிகளைக் கறுப்பு அடித்துவிடலாம்.

கடையில் அட்டை இயந்திரம் “ராண்டில் கட்டுகிறீர்களா” என்று கேட்டது. சரி என்று அழுத்திவிட்டேன். தவறா?

தவறுதான், ஆனால் முதல் முறை எல்லாரும் செய்வது. அந்தத் திரையில் ராண்ட் தொகையைப் பார்த்ததும் மனம் நிம்மதி அடைகிறது. ஊர்க் காசில் பார்க்கும் எண் புரியும் எண்ணாக இருக்கிறது. அந்த நிம்மதிக்கு விலை உண்டு. நீங்கள் சரி என்று அழுத்தியதும், மாற்று விகிதத்தை முடிவு செய்யும் உரிமை உங்கள் அட்டை நிறுவனத்தின் கையிலிருந்து கடைக்காரரின் வங்கிக்குப் போய்விடுகிறது, அது தன் இலாபத்தையும் சேர்த்து ஒரு விகிதத்தைப் போட்டுக்கொள்கிறது. மேலே சொன்ன 18,480 ரூபாய், கட்டணம் உட்பட 4,167 ராண்டில் முடிந்திருக்க வேண்டியது, இப்படிக் கட்டினால் 4,300 ராண்டைத் தாண்டிப் போவது சாதாரணம்; சில வங்கிகள் அதன்மேல் தங்கள் வெளிநாட்டுக் கட்டணத்தையும் விடாமல் பிடிக்கின்றன.

நடந்ததை அட்டைச் சீட்டில் கண்டுபிடிக்கலாம். அதில் ரூபாய்த் தொகை, ராண்ட் தொகை, விகிதம் மூன்றும் அச்சாகியிருக்கும், கீழே நீங்களே விரும்பி இதைத் தேர்ந்தீர்கள் என்று ஒரு வாசகமும் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் முதல் முறை என்றால் முழுத் தொகையையும் தந்துவிட்டு, அடுத்த முறை எப்போதும் ‘INR’ என்பதையே தேர்ந்தெடுக்கும்படி சொல்கிறோம். இரண்டாம் முறையும் அப்படியே வந்தால் மேலாளரின் கையொப்பம் கேட்போம். ஏ.டி.எம். இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இங்கே டாலர் வாங்கினேன், சென்னையில் அதை ரூபாயாக மாற்றினேன். இரண்டு மாற்றம் ஆகிவிட்டதே, எதைக் காட்டுவது?

இரண்டையும்தான். எங்கள் ஆட்களில் பலரும் இப்படித்தான் போகிறார்கள், ஏனென்றால் இந்திய ரூபாயை வெளிநாட்டவர் கொண்டுபோவதற்கு வரம்பு இருக்கிறது. டாலர் நோட்டை எந்த ஊரிலும் மாற்றலாம். இரண்டு ரசீதுகளும் இருந்தால் கணக்கு மிக எளிது, ஒன்று குறைந்தாலும் சிக்கல். முழுப் பயணமாக ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன்.

புறப்படும் முன் டர்பனில் 400 டாலர் வாங்கப்பட்டது. விகிதம் ஒரு டாலருக்கு 18.60 ராண்ட், ஆக 7,440 ராண்ட். தரகு 110 ராண்ட். கொடுத்தது 7,550 ராண்ட். தரகையும் சேர்த்து வகுத்தால் ஒரு டாலரின் அடக்க விலை 18.875 ராண்ட். ரசீதில் அச்சாகியிருக்கும் 18.60 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் தரகு உங்கள் தலையில் விழும்.

சென்னையில் அதில் 300 டாலர் மாற்றப்பட்டது. டாலருக்கு 83.50 ரூபாய் வீதம் 25,050 ரூபாய். சேவைக் கட்டணமும் அதற்கான வரியுமாக 50 ரூபாய் போக, கையில் வந்தது 25,000 ரூபாய். அந்த 300 டாலரின் அடக்க விலை 300 × 18.875, அதாவது 5,662.50 ராண்ட். ஆகவே 25,000 ரூபாய்க்கு 5,662.50 ராண்ட், ஒரு ரூபாய்க்கு 0.2265 ராண்ட். இந்தப் பயணத்தின் ரொக்கச் செலவுகள் அனைத்துக்கும் இதுவே விகிதம். ஒவ்வொரு நாளுக்கும் வேறு விகிதம் தேட வேண்டாம், ஏனென்றால் நீங்கள் ஒவ்வொரு நாளும் ரூபாய் வாங்கவில்லை.

ரசீதுகளின்படி ரொக்கமாகச் செலவானது 21,400 ரூபாய். 0.2265 ஆல் பெருக்கினால் 4,847.10 ராண்ட். படிவத்தின் செலவு வரிகளின் மொத்தம் இதுவாக இருக்க வேண்டும்.

பயணத்தின் நடுவில் இரண்டாம் முறை டாலர் மாற்றியிருந்தால், இரண்டு முறையும் கிடைத்த ரூபாயைக் கூட்டி, இரண்டுக்குமான ராண்ட் அடக்க விலையையும் கூட்டி, ஒரே சராசரியாக வகுத்துக்கொள்ளலாம். எந்த நோட்டில் எந்தச் சாப்பாடு சாப்பிட்டீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஏ.டி.எம்மில் எடுத்த ரூபாய்க்கும் முறை இதுவே: ஸ்டேட்மெண்டில் உள்ள ராண்ட் தொகையையும் அதற்கான கட்டணங்களையும் கூட்டி, இயந்திரம் தந்த ரூபாயால் வகுக்க வேண்டும்.

மிச்சப் பணத்தை மாற்றியதில் நட்டம். அது யார் தலையில்?

அலுவலக வேலைக்காக, நியாயமான அளவில் வாங்கிய பணம் என்றால் நிறுவனத்தின் தலையில். மேலே சொன்ன பயணத்தையே தொடர்வோம். கையில் 3,600 ரூபாய் மிச்சம். சென்னை விமான நிலையத்தில் டாலருக்கு 90 ரூபாய் என்றார்கள், 40 டாலர் கிடைத்தது. மாற்றாமல் வைத்திருந்த 100 டாலரோடு சேர்த்து 140 டாலர் டர்பனுக்குத் திரும்பியது. இங்கே திருப்பி விற்றபோது டாலருக்கு 17.80 ராண்ட் வீதம் 2,492 ராண்ட் கிடைத்தது.

இப்போது நட்டத்தைப் பார்க்கலாம். 100 டாலரின் அடக்க விலை 1,887.50 ராண்ட், கிடைத்தது 1,780, நட்டம் 107.50. மிச்சமான 3,600 ரூபாயின் அடக்க விலை 815.40 ராண்ட், 40 டாலராகித் திரும்பி வந்தது 712, நட்டம் 103.40. இரண்டும் சேர்ந்து 210.90 ராண்ட். இதைச் செலவு வரிகளுக்குள் பரப்பி ஒளித்து வைக்காமல், நாணய மாற்று நட்டம் என்று தனி வரியாக எழுதுங்கள்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதலில் கொடுத்தது 7,550, திரும்பி வந்தது 2,492. கையைவிட்டுப் போனது 5,058 ராண்ட். செலவு 4,847.10, நட்டம் 210.90, கூட்டினால் அதே 5,058. இந்த இரண்டு எண்களும் பொருந்தாத படிவத்தில் ஏதோ ஒரு ரசீது விட்டுப்போயிருக்கிறது அல்லது இருமுறை சேர்ந்திருக்கிறது. அனுப்பும் முன் நீங்களே இதைப் பார்த்துவிட்டால், எங்களுக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று மின்னஞ்சல் மிச்சம்.

நிறுவனம் அட்வான்ஸாகத் தந்த பணம் என்றாலும் கணக்கு இதேதான். 2,492 ராண்டை நிறுவனத்தின் கணக்கில் கட்டிவிட்டு மற்றதற்கு ரசீது காட்டுவீர்கள், அவ்வளவே வேறுபாடு. அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று டாலரை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தென்னாப்பிரிக்காவின் அந்நியச் செலாவணி விதிப்படி, பயணத்துக்காக வாங்கி மிச்சமான வெளிநாட்டுப் பணத்தை நாடு திரும்பிய 30 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் விற்றுவிட வேண்டும். அந்த விற்பனைச் சீட்டுதான் நட்டத்துக்கான ஒரே சான்று.

சென்னையில் மாற்றிய சீட்டு தொலைந்துவிட்டது. இப்போது?

மாற்றிய கடைக்கு மின்னஞ்சல் அனுப்பி நகல் கேளுங்கள். பாஸ்போர்ட் எண்ணைப் பதிந்துதான் மாற்றியிருப்பார்கள் என்பதால் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். கிடைக்காவிட்டால் செலவு செய்த நாளுக்கு வெளியிடப்பட்ட விகிதத்துக்குப் போக வேண்டியதுதான். எங்களிடம் அதற்கு முதல் இடம் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் தளம். பார்த்த பக்கத்தை, தேதி தெரியும்படி அச்சிட்டு இணையுங்கள். வரித்துறையான சார்ஸ் வெளியிடும் சராசரி விகிதப் பட்டியல்கள் வரிக் கணக்குக்கானவை. அவற்றைக் கிளெய்முக்கு நாங்கள் ஏற்பதில்லை.

விகிதம் 4.415 என்று எழுதினேன். தலைகீழ் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ராண்டுக்கு 4.415 ரூபாய் என்பதும் ஒரு ரூபாய்க்கு 0.2265 ராண்ட் என்பதும் ஒரே விகிதம்தான். முதலாவது என்றால் ரூபாயை வகுக்க வேண்டும், இரண்டாவது என்றால் பெருக்க வேண்டும். எங்கள் படிவம் பெருக்கும். 21,400 ரூபாயை 4.415 ஆல் பெருக்கி, தொண்ணூற்று நான்காயிரம் ராண்டுக்கு மேல் கோரிய படிவம் ஒன்று ஒருமுறை மேலாளரின் கையொப்பத்தோடு எங்களிடம் வந்து சேர்ந்தது. கையொப்பம் போட்டவர் தொகையைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குச் சிரிப்பையும் கவலையையும் தந்தது. விகிதத்துக்கு அருகில் “1 ரூபாய் = … ராண்ட்” என்று எழுதிவிட்டால் இந்தத் தவறு வராது.

எந்தெந்த ரசீதுகளை வைத்துக்கொள்ள வேண்டும்? அட்டைச் சீட்டு போதாதா?

அட்டைச் சீட்டு பணம் போனதைச் சொல்லும், எதற்காகப் போனது என்பதைச் சொல்லாது. பில் எதற்காக என்பதைச் சொல்லும், நீங்கள்தான் கட்டினீர்களா, எத்தனை ராண்ட் ஆனது என்பவற்றைச் சொல்லாது. ஒவ்வொரு பெரிய செலவுக்கும் நாங்கள் இரண்டையும் கேட்பது இதனால்தான். விடுதி என்றால், இரவு வாரியாகப் பிரித்த வரி பில்லும் ஸ்டேட்மெண்ட் வரியும். முன்பதிவுத் தளம் அனுப்பிய உறுதி மின்னஞ்சல் பில் ஆகாது. நீங்கள் தங்காமலே இருந்திருந்தாலும் அது உங்களிடம் இருக்கும்.

திருப்பூர் விடுதி பில்லில் அறை வாடகைக்குக் கீழே உணவு, சலவை, தொலைபேசி என்று வரிகள் இருக்கும். சலவையை எத்தனை இரவுக்குப் பிறகு ஏற்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அறைக்கு வரவழைத்து உண்டது தனியாக உணவு வரியில் சேர வேண்டும், அறை வரியில் சேரக் கூடாது. தினப்படியும் வாங்குபவர்களுக்கு இது முக்கியம். பில்லில் இந்தியாவின் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அதைத் தென்னாப்பிரிக்காவின் வாட் கணக்கில் கழிக்க முடியாது, ஆகவே வரி உட்பட முழுத் தொகையும் செலவே. வரியைக் கழித்துவிட்டுக் கோரும் நேர்மையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அப்படி இழக்கத் தேவையில்லை.

விமானப் பயணத்துக்கு மின்-டிக்கெட், பில், போர்டிங் பாஸ். போர்டிங் பாஸ் எதற்கு என்று கேட்பார்கள்: டிக்கெட் வாங்கியதற்கும் பயணம் செய்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு அதில்தான் இருக்கிறது. செயலியில் வந்த போர்டிங் பாஸ் பயணம் முடிந்ததும் மறைந்துவிடுவதுண்டு, வாயிலில் நிற்கும்போதே படம் எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தொல்லை தருவது வெப்பத் தாள். உணவகங்களும் சுங்கச் சாவடிகளும் தரும் அந்த வழவழப்பான தாளில் எழுத்து மையால் அச்சாவதில்லை, சூட்டால் கறுக்கிறது. ஆகவே வெயிலும் சூடும் பட்டால் அது மங்கிவிடும். சட்டைப் பையில் மூன்று வாரம் இருந்து டர்பனுக்கு வந்த ஒரு கற்றையை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். உணவகத்தின் பெயர் மட்டும் தெரிந்தது, தொகை போய்விட்டது. வாங்கிய அன்றைக்கே, கடைப் பெயர், தேதி, தொகை மூன்றும் ஒரே சட்டத்தில் வரும்படி படம் எடுத்துவிடுங்கள். மூலத் தாளையும் தூக்கி எறிய வேண்டாம்.

ஆட்டோவுக்கும் தேநீருக்கும் யார் பில் தருவார்கள்?

யாரும் தரமாட்டார்கள், நாங்களும் எதிர்பார்க்கவில்லை. தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, எவ்வளவு என்று அன்றன்று எழுதி, கடைசியில் கையொப்பமிட்ட ஒரு வவுச்சர் போதும். பதினைந்து நாள் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எல்லா ஆட்டோவும் 200 ரூபாய் என்றே வரும். அப்படிப்பட்ட பட்டியலைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். செயலி வழியாக அழைத்த வண்டி என்றால் மின்னஞ்சல் ரசீது வந்துவிடும், அங்கே வவுச்சர் ஏற்கப்படாது.

சிறு கடைகளில் எல்லாரும் யு.பி.ஐ. கியூ.ஆர். கட்டத்தைக் காட்டுகிறார்கள்; உங்கள் கைபேசியில் அது இல்லை. கூட வந்த முகவர் தன் கைபேசியில் கட்டிவிட்டு, நீங்கள் அவரிடம் ரொக்கம் கொடுப்பது வழக்கம். இதைக் கோர முடியும். அவரது திரையில் தெரியும் பரிவர்த்தனை எண்ணோடு ஒரு படம் வாங்கிக்கொள்ளுங்கள், ரொக்கம் பெற்றதாக அவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். விகிதம், உங்கள் ரொக்கத்தின் 0.2265தான்.

டர்பனிலேயே செலவானவை?

அவற்றில் மாற்று விகிதம் இல்லை, ஆனால் வாட் இருக்கிறது. விமான நிலையத்தில் வண்டியை நிறுத்திவைத்ததற்கு 1,100 ராண்ட் கட்டினால் அதில் 143.48 ராண்ட் வாட், முறையான வரிப் பில் இருந்தால் நிறுவனம் அதைத் திரும்பப் பெறும். வாயில் இயந்திரம் தரும் சீட்டில் விற்பவரின் வாட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 5,000 ராண்டைத் தாண்டும் பில்லில் நமது நிறுவனத்தின் பெயர், முகவரி, வாட் எண் ஆகியவையும் இருக்க வேண்டும், ஆகையால் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தினப்படி தருகிறார்கள். அப்போது சாப்பாட்டு ரசீது வேண்டாமா?

தினப்படி, சார்ஸ் அந்த நாட்டுக்கு வெளியிட்டிருக்கும் நாள் வரம்புக்குள் இருந்து, வழக்கமான வீட்டை விட்டு ஓர் இரவாவது வெளியே தங்கியிருந்தால், உணவுக்கும் சில்லறைச் செலவுகளுக்கும் ரசீது தேவையில்லை. அந்த வரம்பு விடுதிக்கு இல்லை. விடுதி பில் எப்போதும் வேண்டும். தினப்படியும் வாங்கிக்கொண்டு அதே நாளின் மதியச் சாப்பாட்டையும் பில் வைத்துக் கோர முடியாது. வரம்புக்கு மேல் தரப்பட்ட தொகைக்குச் செலவுச் சான்று இல்லாவிட்டால் அது உங்கள் வருமானமாகிவிடும். அதனால் விலை கூடிய ஊர்களுக்குப் போகிறவர்கள் ரசீதுகளைச் சேர்த்து வைப்பதே நல்லது.

வேலை முடிந்து பழனிக்கும் போய் வந்தேன். அந்த டாக்சி?

முருகனைப் பார்த்த செலவு உங்களுடையது. திருப்பூரிலிருந்து பழனிக்குப் போய் வந்த டாக்சியும் அந்த இரவின் அறையும் கோரிக்கையில் வராது. ஆனால் விமான டிக்கெட் வேலைக்காகவே எடுக்கப்பட்டது, அதை முழுதாகக் கோரலாம். ஒரு நாள் தள்ளித் திரும்பியதால் டிக்கெட் விலை கூடியிருந்தால் அந்தக் கூடுதல் மட்டும் உங்களுடையது. இங்கே சிக்கல் ரொக்கத்தில் வரும். நிறுவன வேலைக்கு மாற்றிய ரூபாயிலிருந்தே அந்த நாளுக்கும் செலவழித்திருப்பீர்கள். அப்படியானால் அந்த ரூபாயையும் அதே 0.2265 விகிதத்தில் மதிப்பிட்டு உங்கள் பங்காக எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முன்பு சொன்ன இரண்டு எண்கள் பொருந்தாமல் போகும், காரணம் தெரியாமல் நாம் இருவரும் தேடிக்கொண்டிருப்போம்.

கிளெய்ம் பணம் வந்துவிட்டது. ரசீதுகளை எறிந்துவிடலாமா?

மூலங்கள் நிறுவனத்திடம் இருந்தால் உங்கள் நகலை எறியலாம். வரிச் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் அவற்றை வைத்திருக்க வேண்டியது நிறுவனம். படங்களை மட்டும் அனுப்பிவிட்டு மூலத்தை நீங்களே வைத்திருந்தாலோ, தினப்படியை மீறிய செலவை உங்கள் வரிக் கணக்கில் காட்டப் போகிறீர்கள் என்றாலோ, அந்த ஐந்து ஆண்டுகள் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள், பயணம் போன நாளிலிருந்து அன்று.